வேறு மாணவி பெயரில் பதிவான கட்டண ரசீதைத் திருத்தித் தர வேண்டி

மதுரை
22.09.2025

அனுப்புநர்:
செ. மாலதி,
6-ஆம் வகுப்பு ஆ பிரிவு மாணவி செ. தர்ஷினியின் தாயார்,
திருநகர், மதுரை – 625 006.

பெறுநர்:
கணக்காளர் அவர்கள்,
பள்ளி அலுவலகம், மதுரை.

பொருள்: ரசீது எண் 2719, நாள் 10.09.2025, ரூ.13,500 – சேர்க்கை எண் 4861-இலிருந்து 4816-க்கு மாற்றுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் செ. தர்ஷினியின் சேர்க்கை எண் 4816. அவளுடைய இரண்டாம் பருவக் கட்டணம் ரூ.13,500-ஐ இம்மாதம் 10-ஆம் தேதி காலை அலுவலகக் கவுண்டரில் இருக்கும் க்யூஆர் அட்டை வழியாகச் செலுத்தினேன். யுபிஐ பரிவர்த்தனை எண் 525310478926. பணம் பள்ளிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனால் ரசீதில் சேர்க்கை எண் 4861 என்றும், வகுப்பு 6 ஈ என்றும் அச்சாகியிருக்கிறது. அந்த எண்ணுக்குரிய மாணவியும் செ. தர்ஷினிதான். பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருந்ததால், கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியது கவுண்டரில் யார் கண்ணிலும் படவில்லை. வாங்கிய நானும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ரசீதை மடித்து வைத்துவிட்டேன். தந்தை பெயர் இருக்கும் வரியைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கட்டணம் வரவானதற்கான எஸ்.எம்.எஸ். அந்த மாணவியின் பெற்றோர் எண்ணுக்குப் போயிருக்க வேண்டும், எனக்கு வரவில்லை. எனக்கு 19-ஆம் தேதி வந்தது ரூ.13,540 பாக்கி என்ற செய்திதான். கடைசி நாளான 15-ஆம் தேதிக்குப் பிறகு நாளொன்றுக்கு ரூ.10 வீதம் தாமதக் கட்டணம் ஏறுகிறது. இன்றைக்கு அது ரூ.70.

ரசீதிலுள்ள பிரிவுகளைப் பார்த்தாலே பணம் யாருடையது என்பது விளங்கும். கல்விக் கட்டணம் ரூ.9,500, கணினி ரூ.400, பள்ளி பஸ் ரூ.3,600. என் மகள் திருநகர் 2-வது பஸ் ஸ்டாப்பில் ஏறுகிறாள். அந்த மாணவியின் பெயர் பஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் இன்னொரு சான்றும் கிடைக்கலாம்.

திருத்தும் விதம் குறித்து ஒரு வேண்டுகோள். தயவுசெய்து ரசீதில் 61-ஐ அடித்து 16 என்று பேனாவால் எழுதித் தர வேண்டாம். தாளில் திருத்தினால் கம்ப்யூட்டரில் வரவு 4861-இலேயே நிற்கும், பாக்கிச் செய்தியும் தொடர்ந்து வரும். அடித்தல் திருத்தல் உள்ள ரசீதை 80சி கழிவுக்காக என் கணவருடைய அலுவலகத்தில் ஏற்கவும் மாட்டார்கள். கல்விக் கட்டணம் எந்தப் பிள்ளைக்கு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். அதேபோல் பதிவை ஒரேயடியாக நீக்கிவிடவும் வேண்டாம். நீக்கினால் 10-ஆம் தேதி வசூல் கூட்டுத்தொகையில் ரூ.13,500 குறைந்து, வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகாது. மாற்றுப் பதிவு போட்டு 4861-இல் கழித்து 4816-இல் வரவு வைத்தால் கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். பணத்தைத் திருப்பித் தருவதோ, நான் மறுபடி கட்டுவதோ தேவைப்படாது.

புதிய ரசீதில் பணம் பெற்ற நாள் 10.09.2025 என்றே இருக்க வேண்டும். முடித்த நாளுக்குள் மென்பொருள் மறுபடி போகவிடாது என்றால், இன்றைய தேதியிட்டு, "10.09.2025 நாளிட்ட ரசீது 2719-க்குப் பதிலாக" என்று குறிப்பு வரியில் அச்சிட்டுத் தந்தால் போதும். அப்போது தாமதக் கட்டணத்தைத் தனியாக ரத்து செய்ய வேண்டியிருக்கும். இல்லையென்றால் இந்த ரூ.70 அடுத்த பருவப் பாக்கியாக வந்து நிற்கும்.

அந்த மாணவியின் பெற்றோருக்கும் அலுவலகத்திலிருந்தே தகவல் சொல்லிவிடுங்கள். கையில் வரவுச் செய்தி இருக்கும்போது திடீரென்று பாக்கி என்றால் யாருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். கட்டியாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் காட்டியதால் அவர்கள் இன்னும் கட்டாமல் இருந்தால், அவர்களுக்கும் தாமதக் கட்டணம் போடாதிருப்பதே நியாயம்.

காலாண்டுத் தேர்வு நேரம் இது. பாக்கிப் பட்டியலைப் பார்த்து வகுப்பில் இரண்டு பிள்ளைகளில் யாரையும் எழுப்பி நிறுத்தாதபடி, 6 ஆ, 6 ஈ வகுப்பு ஆசிரியர்களிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதை மட்டும் கணக்கு சரியாகும் வரை தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் கட்டிய பிள்ளை தலைகுனிந்து நிற்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் மேலும் தவறில்லை.

அசல் ரசீது என்னிடம் இருக்கிறது. புதியது தயாரானதும் நேரில் வந்து அசலை ஒப்படைத்துப் பெற்றுக்கொள்கிறேன். இக்கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் இட்டுத் தந்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
செ. மாலதி

இணைப்பு: ரசீது 2719-இன் நகல், யுபிஐ பரிவர்த்தனைப் பக்கத்தின் அச்சு, 19-ஆம் தேதி வந்த பாக்கிச் செய்தியின் அச்சு, மகளின் அடையாள அட்டை நகல்.