இயன்மருத்துவர் பதவிக்கான விண்ணப்பம்

த. நிரோஜினி
கொக்கட்டிச்சோலை
மட்டக்களப்பு

2025 ஜூலை 14

பணிப்பாளர் அவர்கள்
புனர்வாழ்வு நிலையம்
கல்லடி
மட்டக்களப்பு

மதிப்பிற்குரிய அம்மணி,

தங்கள் நிலையத்தில் இயன்மருத்துவர் ஒருவருக்கு வெற்றிடம் இருப்பதைக் கடந்த ஞாயிறு பத்திரிகையில் பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் படுவான்கரைக் கிராமங்களுக்குச் சென்று வீடுகளிலேயே சிகிச்சை அளிக்க வேண்டியிருக்கும் என்ற வரியை வாசித்ததும் அன்றிரவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் இயன்மருத்துவத்தில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டப்படிப்பை முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிவும் செய்துள்ளேன்.

நான் படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவள். 2013இல் அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது அடுத்த ஆண்டுதான். வைத்தியசாலையிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவரத் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகு வரும்வரை வெயிலில் காத்து நின்றோம். வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு காலையும் அவரைப் பாயிலிருந்து எழுப்ப, மாமா ஒரு கையையும் நான் மற்றக் கையையும் பிடித்து இழுப்போம். அவர் முனகுவார். நோயின் வலி என்று நினைத்தோம்.

மூன்றாம் ஆண்டு விரிவுரை ஒன்றில்தான் உண்மை தெரிந்தது. பாரிசவாதத்தில் தோளைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கி, சுற்றியுள்ள சவ்வுகள் காயப்படும். தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்து, இடுப்பைத் தாங்கித்தான் எழுப்ப வேண்டும். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கிடைத்திருந்தால், கடைசிவரை தோள் வலியோடு படுத்திருக்க வேண்டிய நிலை அம்மம்மாவுக்கு வந்திருக்காது. இறுதியாண்டு ஆய்வுக்குப் பாரிசவாத நோயாளரை வீட்டில் பராமரிக்கும் குடும்பத்தவரை எடுத்துக்கொண்டதும் இதனால்தான்.

பயிற்சிக் காலத்தில் எலும்பு முறிவு, நரம்பியல், இருதய சுவாசம், குழந்தைகள், தீவிர சிகிச்சை எனப் பல பிரிவுகளிலும் பணியாற்றினேன். விபரங்கள் சுயவிபரக் கோவையில் உள்ளன. ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன்.

அவர் ஒரு தோட்டத் தொழிலாளி. சீனி வருத்தத்தால் முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு காலையும் நான் போகும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை இருக்கும். எடுத்துவிட்டு வருவேன், மறுநாள் மறுபடியும் இருக்கும். முழங்கால் மடிந்தே கிடந்தால் பின்தசைகள் சுருங்கி, பிறகு செயற்கைக் கால் பொருத்துவது கடினமாகிவிடும். இதை அவருக்குச் சிங்களத்தில் பலர் சொல்லியிருந்தார்கள். அவரும் தலையாட்டியிருக்கிறார். நான்காம் நாள் கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு அருகில் இருந்து, "ஐயா, ஏன் வைக்கிறீர்கள்?" என்று தமிழில் கேட்டேன். காலை நீட்டினால் வெட்டிய இடம் இழுக்கிறது, இரவில் தூக்கம் வருவதில்லை என்றார். தாதியிடம் சொல்லி வலி மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றச் செய்தோம். பார்வையாளர் நேரத்தில் அவருடைய மனைவியை அழைத்து, குப்புறப் படுக்க வைப்பது எப்படி என்று காட்டினேன். மறுநாள் தலையணை அவருடைய தலைக்குக் கீழே இருந்தது.

நடக்கத் தொடங்கியபோது எதற்காக நடக்க விரும்புகிறார் என்று கேட்டேன். லயத்துக்குப் போக ஐம்பது அறுபது கற்படிகள் ஏற வேண்டுமாம், கைபிடி கிடையாதாம். அதுவரை சமதளக் கூடத்தில் நடத்திக்கொண்டிருந்தோம். என் மேற்பார்வையாளரின் அனுமதியோடு பின்புறப் படிக்கட்டுக்கு மாறினோம். நல்ல கால் முதலில், ஊன்றுகோல் பிறகு. இறங்கும்போது ஊன்றுகோல் முதலில். வீட்டுக்குப் போகும்போது ஒரு மாடி ஏறி இறங்கக்கூடியவராக இருந்தார்.

நம் மாவட்டத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே படிகள் குறைவு. ஆனால் பாயில் இருந்து எழ வேண்டும், கிணற்றில் அள்ள வேண்டும், மலசலகூடத்தில் குந்தியிருக்க வேண்டும், வாவியில் தோணியில் ஏற வேண்டும், வயல் வரம்பில் நடக்க வேண்டும். உயரமான கட்டிலிலும், பிடித்து நடக்கும் இணைச் சட்டங்களிலும் மட்டும் பழகிய ஒருவர் வீட்டு வாசலில் நின்று திகைப்பதை விடுமுறைகளில் அயலிலேயே கண்டிருக்கிறேன். பஸ் செலவுக்கும் கூட வருவதற்கு ஆளுக்கும் வழியில்லாமல் மூன்றாவது தவணையோடு சிகிச்சையை நிறுத்தியவர்களையும் அறிவேன். தங்கள் கிராமப் பயணங்கள் அவர்களைத் தேடிப் போகின்றன. அந்த வண்டியில் ஏற ஆசைப்படுகிறேன்.

என்னால் இப்போது முடியாதவற்றையும் சொல்லிவிடுவது முறை. பெருமூளை வாதமுள்ள குழந்தைகளோடு நான்கு வாரம்தான் பணியாற்றினேன். அந்தப் பிரிவில் தனியே பொறுப்பேற்கும் அனுபவம் எனக்கில்லை. செயற்கைக் கால் பொருத்துநரோடு சேர்ந்து பணியாற்றியதும் சில நாட்கள்தான். முதல் ஆறு மாதங்கள் தங்கள் மூத்த இயன்மருத்துவர் ஒருவரின் கீழ் வேலை செய்யவும், என் நோயாளர் பதிவேடுகளை வாரந்தோறும் அவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளவும் விரும்புகிறேன். முள்ளந்தண்டு காயமடைந்தவர்களின் பராமரிப்பில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடியே உடலைத் தூக்கி இருக்கையின் அழுத்தத்தைக் குறைக்கும் பழக்கத்தை ஒரு இளைஞருக்குக் கற்பித்து, அவருக்குப் படுக்கைப்புண் ஆறிவருவதைக் கண்ட வாரங்கள் இன்னும் மனதில் நிற்கின்றன.

புதிய பட்டதாரிகளிடம் தங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கலாம். அரச நியமனம் வந்தால் போய்விடுவார்களே என்பது நியாயமான கவலை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தங்கள் நிலையத்தில் பணியாற்றுவேன் என்று எழுத்தில் உறுதி தரத் தயாராக இருக்கிறேன். வீட்டாரோடு பேசித்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ் தாய்மொழி. சிங்களத்தில் நோயாளரோடு தயக்கமின்றிப் பேசுவேன். அம்பாறைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு அது உதவும். அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதுவேன். மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் உரிமம் உண்டு, வண்டியும் உண்டு. கொக்கட்டிச்சோலையிலிருந்து நாளாந்தம் வந்துபோக முடியும்.

பட்டச் சான்றிதழ், மருத்துவ சபைப் பதிவுச் சான்றிதழ், சுயவிபரக் கோவை ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். பரிந்துரைப்போர் இருவரின் விபரங்களும் எனது தொலைபேசி இலக்கமும் கோவையின் இறுதிப் பக்கத்தில் உள்ளன. நேர்முகத் தேர்வுக்கு எந்த நாளிலும் வரமுடியும். தாங்கள் அனுமதித்தால், அதற்கு முன்பே ஒரு நாள் கிராமப் பயணத்தில் உடன் வந்து பார்க்கவும் விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
த. நிரோஜினி