ஐராவதம் மகாதேவன் ஐயா வீட்டாருக்கு, புகழூர் மலையடியிலிருந்து

அன்புள்ள ஐயா வீட்டார் எல்லோருக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது, ஐயாவுக்கும் தெரியாது. அவரை நேரில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் பேப்பரைப் பிரித்து, அவர் மறைந்த செய்தியையும் படத்தையும் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை, வாசலுக்கு வந்து மலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஆறுநாட்டார் மலை தெரியும். அந்த மலை எங்களுக்கு என்னவாக ஆனது என்பதை அவருக்கே எழுதியிருக்க வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு இப்போது உங்களுக்கு எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது வேலாயுதம்பாளையம். 1965இல் ஐயா இங்கே வந்து, மலைக் குகையில் இருக்கிற பழங்காலத் தமிழ்க் கல்வெட்டைப் படித்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அவர் வந்ததும் போனதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. முருகன் கோயிலுக்கு ஏறும்போது பாதி வழியில் பாறைக்கு அடியில் அந்தக் கற்படுக்கைகள் இருக்கும், வெயில் காலத்தில் ஏறினால் அப்புச்சி என்னை அங்கேதான் உட்காரவைத்து முறுக்கு எடுத்துக் கொடுப்பார். கல் சில்லென்று இருக்கும். பாண்டவர் படுத்த இடம் என்று அப்புச்சி சொல்வார், நாங்களும் அப்படியே நம்பினோம், படுத்துப் புரண்டு விளையாடினோம். பக்கத்தில் கீறியிருந்த எழுத்துகளை ஏதோ கோடு என்று விரலால் தடவிக்கொண்டிருப்பேன். அதில் பேர்கள் இருக்கின்றன என்று யார் கண்டார்கள்!

தமிழாசிரியையாகி வேலைக்கு வந்து பல வருடம் கழித்து, கரூரில் ஒரு நூலகத்தில் ஐயாவின் கட்டுரை ஒன்றைப் படித்தேன். 'கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்.' அப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை. பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்து, எட்டாம் பத்து, ஒன்பதாம் பத்து என்று நான் வருடா வருடம் பாடம் நடத்திய அதே சேரர்கள், நான் முறுக்குத் தின்ற பாறையில் இருந்திருக்கிறார்கள். அதுவரை கபிலர் பாடிய அரசன் எனக்குப் பரீட்சைக் கேள்வி. அன்றைக்குத்தான் அவன் ஒரு மனுஷன், அவன் வீட்டுப் பிள்ளைக்கு இளவரசுப் பட்டம் கட்டியபோது எங்கள் மலையில் ஒரு சமண முனிவருக்கு உறைவிடம் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று புத்திக்கு உறைத்தது. அந்த முனிவர் பேரும் இருக்கிறது, யாற்றூர் செங்காயபன். அந்த சனிக்கிழமையே மலைக்கு ஏறினேன். அதே எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன், இந்த முறை படித்துக்கொண்டே. அழுதுவிட்டேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அப்புறம் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. கரும்பலகையில் பழைய மகரத்தை வரைந்து, அதன் மேல் சின்னக் கோடு ஒன்று போட்டு, கோடு போட்ட ககரத்தையும் கோடு இல்லாத னகரத்தையும் பக்கத்தில் எழுதுவேன். வடக்கே அசோகர் கல்வெட்டில் படிக்கிற முறையில் படித்தால் இது 'மாகான' என்று வரும், ஒரு பொருளும் இல்லை. மாங்குளம் மாதிரிப் பழைய குகைகளில் கோடு இல்லாவிட்டால் அது மெய்யெழுத்து, கோடு இருந்தால்தான் அகரம் சேரும் என்று ஐயா விளக்கிய முறையில் படியுங்கள் என்பேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் "மகன், டீச்சர்!" என்று கத்துவான். எந்த வருடமும் தவறியதில்லை. புள்ளி வைக்கத் தொடங்குவதற்கு முன்னால் நம் ஆட்கள் இரவல் வாங்கிய எழுத்தைத் தமிழுக்கு எப்படி வளைத்துக்கொண்டார்கள் என்பதை ஒரு சொல்லை வைத்தே புரியவைத்துவிடலாம், அதை எங்கள் கையில் கொடுத்தவர் அவர்.

இந்தக் குகைக் கல்வெட்டுகள் தமிழ்தான் என்று 1924லேயே எடுத்துச் சொன்னவர் கே.வி.சுப்பிரமணிய ஐயர். அந்தப் பெருமையை ஐயா தன் பக்கம் இழுத்துக்கொள்ளவே இல்லை, அவர் போட்ட பாதை என்றுதான் எழுதினார். 1960களில் தான் வெளியிட்ட வாசிப்புகளைத் தானே மறுபடி குகை குகையாகப் போய்ச் சரிபார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றி, 2003இல் அந்தப் பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு! நான் சொன்னது தப்பு என்று வகுப்பில் ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் தைரியம் இருந்ததில்லை. இவரைப் படித்த பிறகுதான் வந்தது. சிந்து எழுத்து விஷயத்திலும் அப்படித்தான். 1977இல் அந்த எழுத்துகளையெல்லாம் தொகுத்து அட்டவணை போட்டுக் கொடுத்தவர், அது திராவிட மொழி என்று உறுதியாக நம்பியவர், ஆனால் முழுசாகப் படித்துவிட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை இன்னும் நூறு பேர் படிக்க வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எங்கள் அப்பா தினமணி வாசகர். காலையில் காபி ஆறினாலும் பரவாயில்லை, தலையங்கம் முடித்துவிட்டுத்தான் டம்ளரை எடுப்பார். 1987இலிருந்து 1991வரை ஆசிரியராக இருந்த மகாதேவனும் எங்கள் மலையைப் படித்த மகாதேவனும் ஒரே ஆள் என்று நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரி வேறா என்று மூன்று முறை கேட்டார். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் அவரும் நாலு வரி எழுதியிருப்பார்.

எண்பத்தெட்டு வயது நிறைவான வாழ்வு என்று வருகிறவர்கள் எல்லாரும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்பா போனபோது எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், ஒரு ஆறுதலும் தரவில்லை. வீட்டில் அவர் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருப்பதற்கு வயது ஒரு சமாதானம் இல்லை. எங்களுக்கு அவர் புத்தகம் இருக்கிறது, உங்களுக்குத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டார். வீட்டில் அவர் எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டிய நேரம், அதை நீங்கள் எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்ல எனக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், இந்த நேரத்தில் அதெல்லாம் பெரிய பாரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், எல்லோரும் மலைக்கு ஏறி அந்தக் கல்வெட்டை ஒருமுறை சத்தமாகப் படிக்கப்போகிறோம். கரூர்ப் பக்கம் எப்போது வந்தாலும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி சரசுவதி டீச்சர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நானே உங்களை மேலே கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுகிறேன்.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
சரசுவதி
ஓய்வுபெற்ற தமிழாசிரியை
வேலாயுதம்பாளையம், கரூர் மாவட்டம்
28.11.2018