கதிருக்கு, பி.எஸ்ஸி - பி.காம் பற்றி அக்கா எழுதுவது

ஈரோடு,
18.5.2025

அன்புள்ள கதிர்,

நேற்று ராத்திரி சித்தி போன் பண்ணி முக்கால் மணி நேரம் பேசினாள். சித்தப்பா பி.காம்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாராம். உன் இயற்பியல் சார் பி.எஸ்ஸி இயற்பியலில் சேரச் சொல்கிறாராம். நீ இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாயாம். "நீ சொன்னா கேப்பான்டி" என்றாள். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நிதானமாக இரண்டு தடவை படிக்கலாம்.

முதலில் என் கதை. நான் பி.எஸ்ஸி வேதியியல் சேர்ந்தது வேதியியல் பிடித்ததால் இல்லை. பன்னிரண்டாவதில் அறிவியல் குரூப் எடுத்து நல்ல மார்க் வாங்கினேன், மெடிக்கல் கட்-ஆஃப் எட்டவில்லை. சயின்ஸ் படித்த பெண் பி.காம் போவதாவது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அந்த ஒரு நினைப்பு மூன்று வருடத்தை எடுத்துக்கொண்டது. லேபில் டைட்ரேஷன் செய்யும்போது இளஞ்சிவப்பு வந்ததா, அளவைக் குறித்தோமா, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினோமா, பஸ்ஸைப் பிடித்தோமா என்றிருப்பேன். பக்கத்து மேஜைத் தோழி அப்படி இல்லை. அளவு சரியாக வந்த பிறகும் பியூரெட்டில் மறுபடி ஊற்றுவாள். கடைசிச் சொட்டு விழும்போது நிறம் ஒரு நொடி வந்து மறைகிறதே, அது ஏன் என்று பார்க்க வேண்டும் என்பாள். ஒரே வகுப்பு, ஒரே மார்க். ஆனால் அவள் படித்தது வேறு, நான் படித்தது வேறு. அவள் இப்போது ஆராய்ச்சியில் இருக்கிறாள். நான் வங்கித் தேர்வு எழுதி, இரண்டாவது முறையில் தேறி, இன்றைக்குக் கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலை எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. ஆனால் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்க 24 வயதில்தான் கற்றுக்கொண்டேன். என்னோடு சேர்ந்த பி.காம் பையன் அதைப் பார்த்த மாத்திரத்தில் "இந்தக் கம்பெனியில் சரக்கு விற்காமல் தேங்கிக் கிடக்குது மேடம்" என்பான். ஆறு மாதம் அவன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக் கற்றேன்.

அதனால் எது உசத்தி என்ற கேள்வியை முதலில் தூக்கிப் போடு. குரூப்பில் உசத்தி தாழ்த்தி எதுவும் இல்லை.

இப்போது சித்தப்பா பக்கம். அவருக்குக் கடைக் கவலை. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து ஒவ்வொரு மாதமும் பில்களைக் கட்டி எடுத்துக்கொண்டு ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஓடுகிறார். மகன் பி.காம் படித்தால் அந்த அலைச்சல் தீரும் என்று நினைக்கிறார். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஜிஎஸ்டி தாக்கல் பண்ணுவதற்கு ஒரு பட்டப்படிப்பு தேவையில்லை. டாலி வகுப்புக்குச் சில மாதம் போனால் போதும், மீதியைக் கடையில் உட்கார்ந்தே பழகலாம். பி.காம் அதைவிடப் பெரிய விஷயம். நிறுமக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி, தணிக்கை, வணிகச் சட்டம் என்று போகும். அதில் மனம் வைத்துப் படிப்பவனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. கடைக்காக மட்டும் போனால் நீயும் என்னைப் போல ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பாய்.

சி.ஏ. பற்றி சித்தி கேட்டாள். பி.காம் முடித்தால் சி.ஏ. ஆகிவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தனிப் படிப்பு. பன்னிரண்டாவது முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம், அப்புறம் இன்டர்மீடியட், அப்புறம் ஃபைனல், நடுவில் இரண்டு வருடம் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப். பட்டம் வாங்கியவர்களுக்கு ஃபவுண்டேஷன் இல்லாமல் நேரே இன்டர்மீடியட் போகவும் வழி இருக்கிறது. பி.காம் என்றால் 55 சதவீதம் வேண்டும், மற்ற பட்டம் என்றால் 60. அதாவது பி.எஸ்ஸி படித்தவனுக்கும் அந்தக் கதவு மூடவில்லை. எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. பி.காம் முடித்துவிட்டு எம்.எஸ்ஸி இயற்பியல் சேர முடியாது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக மூன்று வருடம் வாசலில் நிற்க முடியாது.

பி.எஸ்ஸி பக்கமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், உன் சார் இதைச் சொல்லியிருக்க மாட்டார். வெறும் மூன்று வருட பி.எஸ்ஸி இயற்பியலை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்திலேயே நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவதற்கு எம்.எஸ்ஸி, அதற்கு மேல் பி.எட்., அப்புறம் டி.ஆர்.பி. தேர்வு. கல்லூரியில் பாடம் நடத்த நெட் அல்லது செட். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி படிக்க வேண்டுமென்றால் ஜாம் தேர்வு. எப்படிப் பார்த்தாலும் ஐந்து, ஏழு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள். அத்தனை வருடம் உன்னைப் படிக்கவைக்க சித்தப்பா மனதளவில் தயாரா என்று அவரிடமே கேட்க வேண்டும். கேட்காமல் சேர்ந்தால் இரண்டாவது வருடத்திலேயே "எப்ப சம்பாதிக்கப் போற" என்ற பேச்சு வரும், அது படிப்பையே கெடுத்துவிடும். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 போன்றவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், அதனால் அவற்றை இந்தத் தராசில் வைக்கவே வேண்டாம். எம்.சி.ஏ.வும் அப்படித்தான். பன்னிரண்டில் கணிதம் எடுத்திருக்கிறாய், பி.காம் படித்தாலும் அதற்குப் போகலாம். அரசுப் பள்ளியில் படித்ததால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், எந்தப் படிப்பு என்று அதில் பேதம் இல்லை. சேரும்போது கல்லூரியில் கேட்டுப் பதிந்துகொள்.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

போன பொங்கலுக்கு நான் கோவில்பட்டி வந்திருந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? சித்தப்பாவின் கடன் நோட்டில் கூட்டுத்தொகை 270 ரூபாய் இடித்தது. சித்தி சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் வங்கியில் கற்ற ஒரு குறுக்குவழியைச் சொன்னேன். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், பெரும்பாலும் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று. நீ விரலை வைத்துக்கொண்டே வரிவரியாகப் போனாய். பெயின்டர் ஒருவர் கணக்கில் 360 என்று இருக்க வேண்டியது 630 என்று இருந்தது. சித்தப்பா சிரித்துக்கொண்டே நோட்டை மூடினார். அவருக்கு வேலை முடிந்தது. எனக்கும் முடிந்தது, நான் சாப்பிட எழுந்துவிட்டேன்.

நீ எழவில்லை. "ஏன்க்கா ஒன்பது? ஏன் எட்டு இல்லை?" என்றாய். எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடமாக அந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்துகிறேன், ஒரு நாள்கூட அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. நான் சாம்பார் முடித்து ரசத்துக்கு வருவதற்குள் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து நின்றாய். 63 என்றால் ஆறு பத்தும் ஒரு மூன்றும். 36 என்றால் மூன்று பத்தும் ஒரு ஆறும். பத்தாம் இடத்திலிருந்து ஒன்றாம் இடத்துக்கு ஓர் இலக்கம் இறங்கினால் அது தன்னைப் போல் ஒன்பது மடங்கை இழக்கிறது, ஏறுகிற இலக்கம் ஒன்பது மடங்கைப் பெறுகிறது, அதனால் மிச்சம் எப்போதும் ஒன்பதின் மடங்குதான் என்று காட்டினாய். "நூறு இடத்துக்கும் இதேதான்க்கா, அங்க தொண்ணூறு, அதனாலதான் 270" என்றாய். உன் சோறு ஆறிப்போயிருந்தது.

கதிர், அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. கைப்பையில் மடித்து வைத்தேன், இப்போதும் இருக்கிறது.

கணக்கு சரியாக வரும்வரை எழாதவனுக்கு வணிகவியல் நன்றாக வரும். சரியாக வந்த பிறகும் எழாதவன் நீ. அதனால் என் மனதுக்குப் படுவது பி.எஸ்ஸி. ஆனால் இயற்பியல் இல்லை, கணிதம். உன் மார்க்கும் அதைத்தான் சொல்கிறது: கணிதம் 88, இயற்பியல் 74. சாரை உனக்குப் பிடிக்கும், அவர் வகுப்பு உனக்குப் பிடிக்கும், அதனால் இயற்பியல் பிடிக்கிறது என்று நினைக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். அவர் கல்லூரிக்கு உன்னோடு வரப்போவதில்லை. கணிதம் படித்தால் புள்ளியியல், கணினி, ஆசிரியர் வேலை, வங்கி என்று பல பக்கம் திரும்பலாம். நன்றாகப் படித்தால் சென்னை சிறுசேரியில் இருக்கும் கணிதவியல் கழகத்தில் எம்.எஸ்ஸிக்கு நுழைவுத்தேர்வு எழுதலாம். அங்கே கணிதத்தையே வாழ்க்கையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இது என் எண்ணம்தான். நான் உன்னோடு வருடத்துக்கு நாலு நாள் இருக்கிறவள். அதனால் நீயே பரீட்சித்துப் பார். பக்கத்துத் தெருவில் வணிகவியல் குரூப் படித்த பையன் இருக்கிறானே, அவனிடம் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை வாங்கு. குறிப்பேட்டுப் பதிவுகளிலிருந்து இருப்பாய்வு வரை ஒரு வாரம் உட்கார்ந்து போட்டுப் பார். பி.காம் முதல் வருடத்தில் உன்னோடு உட்காரும் பாதிப் பேர் இதை இரண்டு வருடம் படித்துவிட்டு வந்திருப்பார்கள், நீ அவர்களைப் பிடிக்க வேண்டியிருக்கும், அதையும் மனதில் வை. இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்போது உனக்குள் ஒரு சந்தோஷம் வந்து, அடுத்த கணக்கைப் போடக் கை தானாகப் போனால், நான் சொன்னதை மறந்துவிடு. பி.காம் சேர். முழு மனதோடு சேர். சித்தப்பாவிடம் நானே சந்தோஷமாகச் சொல்கிறேன். அப்படி வரவில்லை, பற்றும் வரவும் ஏன் ஒத்துப்போயே ஆக வேண்டும் என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டாய் என்றால், அதையும் மறைக்காமல் எழுது.

சித்தப்பாவை எதிர்த்துப் பேசாதே. ஐந்து வருடக் கணக்கை ஒரு தாளில் எழுது: கல்லூரிக் கட்டணம், பஸ் பாஸ், புத்தகம், மாதம் வரும் 1000. கூடவே, லீவில் டாலி கற்று ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல். வாய்ப்பேச்சை நம்பமாட்டார், எண்களாக எழுதி நீட்டினால் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். அரசு கலைக் கல்லூரிக்கான விண்ணப்பத்தில் இப்போதே மூன்று பாடத்தையும் போட்டு வை, கடைசி நாள் வரை காத்திருக்காதே.

அடுத்த சனிக்கிழமை இரவு பஸ்ஸில் கிளம்பி ஞாயிறு காலை அங்கே இருப்பேன். அந்தக் காலண்டர் தாளையும் எடுத்து வருகிறேன், சித்தப்பாவிடம் காட்ட வேண்டும். அவர் அன்றைக்கு நோட்டை மூடிவிட்டு எழுந்துவிட்டார், நீ எழுதியதைப் பார்க்கவே இல்லை. சித்தியிடம் எனக்குக் கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கி வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் மலர் அக்கா