அப்பத்தாவின் லைன்

பழனிச்சாமிக்கு அந்த வாரம் முழு நைட். ராத்திரி 12 மணிக்கு மில்லுக்குள் போனால் காலை 8 மணிக்குத்தான் வெளியே வர முடியும். கம்பெனி வேனில் கோவை ஒண்டிப்புதூர் வந்து இறங்க ஒன்பது ஆகிவிடும். அன்றைக்கு வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

"மஞ்சுக்கு அம்மை போட்டிருக்குங்க. கிட்டப் போறதுன்னா கை கால் கழுவிட்டுப் போங்க" என்றாள் சரஸ்வதி.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் உள்ளறையில் பாயில் சுருண்டு கிடந்தாள். முகமெல்லாம் கொப்புளம். அப்பாவைப் பார்த்ததும் அவள் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை.

"அப்பா, திங்கக்கிழமை வீடியோ குடுக்கணுங்க. நான் இன்னும் எடிட்டே பண்ணலைங்க."

சமூக அறிவியல் டீச்சர் கொடுத்திருந்த வேலை அது. 'எங்கள் ஊரின் தொழில்' என்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வீடியோ. மஞ்சு அதற்காக ஒரு மாதமாக அலைந்திருந்தாள். ஒரு காலத்தில் மில்லில் வேலை பார்த்த அப்பத்தாவை உட்கார வைத்துப் பேச வைத்தாள். பூட்டிக் கிடக்கும் மில் கேட்டுகளையும் புகைபோக்கிகளையும் பழைய லைன் வீடுகளையும் போனில் எடுத்து வைத்தாள். 1888இல் வந்த ஸ்டேன்ஸ் மில், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மளமளவென்று பெருகிய மில்கள் என்று ஒரு நோட்டு நிறைய எழுதியும் வைத்திருந்தாள். வெட்டி ஒட்டும் வேலைதான் பாக்கி.

"போனைக் கையில் குடுத்தீங்கன்னா பாருங்க. கண்ணுல எறங்கிரும்" என்று சமையலறையிலிருந்து சரஸ்வதி சத்தம் போட்டாள்.

"நான் பண்றன் சாமி. நீ தூங்கு" என்றான் பழனிச்சாமி. எப்படிப் பண்ணுவது என்று அவனுக்குத் தெரியாது.

அக்கா மகன் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று பரணில் இருந்தது. பேட்டரி செத்துவிட்டது, ஒயரைச் செருகினால் ஓடும். பக்கத்து வீட்டுப் பையன் வந்து ஷாட்கட் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக் கொடுத்துவிட்டு, "மாமா, இந்த லேப்டாப்புக்கு இதுவே ஜாஸ்தி. வீடியோ திக்கும். ப்ராக்ஸின்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணிக்குங்க" என்று சொல்லிப் போனான். பெரிய வீடியோவுக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு நகல் எடுத்து, வெட்டுவதையெல்லாம் அந்த நகலில் வெட்ட விடும் வசதி அது. கடைசியில் வெளியே எடுக்கும்போது அசல் வீடியோவே வரும். இது புரியவே பழனிச்சாமிக்கு ஒரு பகல் தூக்கம் போனது.

மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் வேனில் போகும்போதும் வரும்போதும் தமிழில் பாடம் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தான். உள்ளே போய், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் ஓரமாக நடக்கும்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டான். S அழுத்தினால் வெட்டும். X அழுத்தினால் வெட்டின துண்டை எடுத்துவிட்டு இடைவெளியையும் மூடும். Z அழுத்தினால் துண்டை எடுக்கும், இடைவெளி அப்படியே நிற்கும். இருபது வருடமாக ரிங் ஃப்ரேமைப் பார்த்துக்கொள்ளும் சைடர் வேலை. கால் தானாக நடக்கும், கண் தானாக அறுந்த நூலைத் தேடும். மனசு மட்டும் அந்த வாரம் வேறு இடத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் பகலில் அப்பத்தா பேசியதை முழுக்க வரிசைப்படுத்தி முடித்தான். குரல் சன்னமாக இருந்ததால் சத்தத்தைக் கூட்டினான். தலைக்கு மேலே ஓடிய ஃபேனின் உறுமலை 'High Pass' என்ற ஃபில்டர் போட்டுக் குறைத்தான். அவன் காதுக்கு அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. சரஸ்வதியிடம் பஞ்சாயத்துப் பேசி, கண்ணை மூடிக்கொண்டு கேட்க மட்டும் அனுமதி வாங்கினான். ஹெட்செட்டை மஞ்சுவின் காதில் வைத்தான்.

"ஏனுங்ப்பா, பின்னாடி உஸ்ஸுனு ஒரு சத்தம் வருதே?"

"எங்க? ஒண்ணும் வரலியே."

"வருதுங்க. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வருது."

அவன் வாங்கித் தன் காதில் வைத்தான். எதுவும் இல்லை. திரும்ப வைத்துப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடம் முன்னால் மில்லில் காது டெஸ்ட் எடுத்த டாக்டர் சொல்லியிருந்தார். ரிங் ஃப்ரேம் இரைச்சலில் வருடக்கணக்காக நின்றால் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் காதை விட்டுப் போகும், பேச்சு கேட்பதால் ஆளுக்கே தெரியாது என்று. பழனிச்சாமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிங் ஃப்ரேமில் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை, வாயையும் கையையும் பார்த்தே பேசிக்கொள்வார்கள். மகளுக்குக் கேட்கிற ஒன்று தனக்குக் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் நெஞ்சில் தைத்தது.

மஞ்சு அதை ஒரு குறையாகவே எடுக்கவில்லை. "சரிங்ப்பா, நீங்க பாருங்க, நான் கேக்கறன்" என்றாள்.

அப்புறம் அப்படித்தான் நடந்தது. 'Low Pass' என்ற ஃபில்டரைப் போட்டு அவன் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "இன்னும் கொஞ்சம். இன்னும். அய்யோ, இப்ப அப்பத்தா மூக்கடைச்ச மாதிரி பேசுது, மேல போங்க." 3000 வரை இறங்கியவன் மறுபடி ஏறினான். 7000 பக்கம் வந்ததும் அவள் கையைத் தூக்கினாள். அந்த எண்ணை அவளுடைய நோட்டிலேயே குறித்து வைத்தான். அப்பாவும் மகளும் இத்தனை நேரம் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தது எப்போது என்று சரஸ்வதிக்கே நினைவில்லை. அவள் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

நீளம்தான் பெரிய தலைவலி. எவ்வளவு வெட்டியும் வீடியோ ஐந்தரை நிமிடத்துக்குக் கீழே வரவில்லை. சனிக்கிழமை காலையில் பழனிச்சாமி ஒரு முடிவெடுத்து ஒரு பெரிய துண்டைத் தூக்கினான். நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் தன்னோடு லைனில் நின்ற பெண்களின் பேரை அப்பத்தா விரல் விட்டு எண்ணிச் சொல்லும் இடம் அது. ஒரு பேரைச் சொல்லும், யோசிக்கும், அடுத்த விரலை மடக்கும். ஒரு நிமிடத்துக்கும் மேல் போனது. பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பேரெல்லாம் யாரென்று தெரியப்போகிறது?

கேட்டு முடித்த மஞ்சு கண்ணைத் திறந்துவிட்டாள்.

"பேரெல்லாம் எங்கீங்ப்பா?"

"நாலு நிமிஷத்துக்குள்ள வரணுமல்ல சாமி."

"அப்ப நான் பேசினதை எடுங்க. 1888, பைக்காரா எல்லாம் எடுத்துருங்க. அது புத்தகத்துல இருக்கு. இந்தப் பேரு எதுல இருக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் நூலகத்தில் உட்கார்ந்து அவள் எழுதியது அது. அதை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அவள் சொன்னதையும் தள்ள முடியவில்லை.

அன்று ராத்திரி மில்லில் நாற்பதாம் நம்பர் நூல் ஓடியது. ஈரப்பதம் சரியில்லாமல் நூல் அறுந்துகொண்டே இருந்தது. முழங்காலால் பிரேக்கைத் தட்டி ஸ்பிண்டிலை நிறுத்துவான், பாபினிலிருந்து நுனியைத் தேடி எடுத்து டிராவலரில் மாட்டி, மேலே ரோலரிலிருந்து வரும் பஞ்சு இழையில் தொட்டு விடுவான். முறுக்கு ஏறி நூல் பிடித்துக்கொள்ளும். புதிதாக வரும் பெண்களுக்கு அவன்தான் இதைச் சொல்லிக் கொடுப்பான். நுனியையும் நுனியையும் முட்ட வைத்தால் நிற்காது. ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏற வேண்டும். ஜாஸ்தி ஏறினால் தடித்துப் போகும்.

விடிகாலை நான்கு மணி சுமாருக்கு, ஏதோ ஒரு ஸ்பிண்டிலில் கை இருக்கும்போது, அவனுக்குப் பிடிபட்டது. படத்தையும் குரலையும் அவன் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தான். அப்பத்தா முகம் வந்தால் அப்பத்தா குரல், மில் கேட் வந்தால் மஞ்சு குரல் என்று முட்ட முட்ட வைத்திருந்தான். குரல் ஏன் படத்தோடு நிற்க வேண்டும்? அப்பத்தா பேர் சொல்லிக்கொண்டே இருக்கட்டும், அதன் மேல் கேட்டும் புகைபோக்கியும் லைன் வீடும் போகட்டும். மஞ்சு பேசின வருடங்களை எழுத்தாகக் கீழே போட்டுவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்தான். 'Detach Audio' கொடுத்து அப்பத்தா குரலைப் படத்திலிருந்து பிரித்தான். முதல் பேர் அப்பத்தா முகத்தோடு வந்தது. "ராமாத்தா." மடங்கிய விரலோடு இரண்டாவது. "குப்பாத்தா." மூன்றாவது பேரில் படம் மாறி, துருப்பிடித்த கேட் வந்தது. கீழே '1888' என்று எழுத்து. "மரகதம்." மின்கம்பங்கள், '1932'. அப்பத்தா யோசிக்கும் இடைவெளிகளில் ஒன்றைக்கூட அவன் தொடவில்லை. அந்த இடைவெளியில்தான் எழுத்தைப் படிக்க நேரம் கிடைத்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மொத்த நீளம் 3 நிமிடம் 52 நொடி என்று காட்டியது.

மஞ்சு முழுக்கக் கேட்டாள். பிறகு, "ஒருக்கா மட்டும் பாத்துக்கட்டுங்களாம்மா?" என்று கெஞ்சினாள். சரஸ்வதி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, லேப்டாப் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, சரி என்றாள். பார்த்து முடித்த மஞ்சு கடைசிச் சட்டத்தில் ஒன்று சேர்க்கச் சொன்னாள். படப்பிடிப்பும் எழுத்தும் தன் பேரில் இருக்கட்டும், அதற்குக் கீழே 'வீடியோ தொகுப்பு: என் அப்பா, ரிங் ஃப்ரேம் சைடர்' என்று வர வேண்டும்.

"டீச்சர் மார்க்கைக் குறைச்சுருவாங்க சாமி."

"குறைக்கட்டுங்க. அப்பத்தா பேச்சுல எல்லாத்து பேரும் வருது. உங்க பேரை மட்டும் நான் மறைக்கறதுங்களா?"

அவன் அப்படியே தட்டச்சு செய்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வீடியோவை அனுப்பி, அப்பத்தாவிடம் காட்டச் சொன்னான். அரைமணி நேரத்தில் போன் வந்தது.

"சாமி, நல்லா இருக்குது. ஆனா செல்லம்மாளை உட்டுப்போட்டனே."

"எந்தச் செல்லம்மா ஆத்தா?"

"எனக்குப் பக்கத்து மிசினு. நான் மாசமா இருந்தப்ப என்ற கோனையும் சேத்து அவதான் எறக்குவா. அவளையே மறந்துபோட்டன் பாரு. அவ பேரு வராம குடுக்காத."

வேன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சரஸ்வதி ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள்.

"ஆத்தா, அண்ணன்கிட்டச் சொல்லிப் போன்ல ரெகார்டிங் போடச் சொல்லு. பேரை மட்டும் சொல்லி அனுப்பு."

இரண்டு நிமிடத்தில் வந்தது. அப்பத்தா பேரை மட்டும் சொல்லவில்லை. "செல்லம்மா. எனக்குப் பக்கத்து மிசினு" என்று சேர்த்தே சொல்லியிருந்தாள். ஐந்து நொடி.

பழனிச்சாமி லேப்டாப்பைத் திறந்தான். மரகதத்தின் பேருக்குப் பின்னால், திரையில் ஓடும் கோட்டினை நிறுத்தினான். மஞ்சு கையை நீட்டி ஹெட்செட்டை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஓட்டுங்ப்பா" என்றாள்.

அவன் S அழுத்தினான்.