இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களுக்கு: பகல் தூக்கத்துக்கான ஓய்வு ஒலிப்பதிவு

பதிவு செய்பவருக்கு

இது பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ராத்திரி வேலை முடித்து, பாலம் தாண்டி பட்டர்வொர்த், பிறை பக்கம் வீடு திரும்புகிறவர்கள் காலையில் படுத்துக்கொண்டு கேட்பதற்கானது. இடைவெளிகளையும் சேர்த்து 20 நிமிடத்தை ஒட்டி வரும். அவசரப்பட்டு 12 நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். செய்தி வாசிக்கிற குரல் வேண்டாம். பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது அக்காவிடம் பேசுகிற குரல் போதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ‘ப’வும் ‘ச’வும் காதில் அடிக்காது.

பின்னணிக்குத் தம்பூரா மட்டும். கீழ் சுருதியில் ஷட்ஜமமும் பஞ்சமமும், குரலைவிட ஏறத்தாழ 20 டெசிபெல் தாழ்த்தி. அலைச் சத்தம் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள், சேர்க்காதீர்கள். கரையில் மோதும் அலை ஏறி ஏறி இறங்கும். அரைத் தூக்கத்தில் இருப்பவரை அதுவே எழுப்பிவிடும்.

அடைப்புக்குறிக்குள் இருப்பவை குறிப்புகள். வாசிக்க வேண்டாம்.

[தம்பூரா மெல்ல எழுகிறது. 20 வினாடி தனியாக ஒலிக்கட்டும்]

வாங்க.

[3 வினாடி]

வண்டி ஓட்டிக்கொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்றால் இப்போதே நிறுத்திவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு கேட்கலாம்.

[4 வினாடி]

வீட்டில்தான் இருக்கிறீர்களா? சரி. திரைச்சீலையை இழுத்து விடுங்கள். விடிந்துவிட்டது என்று உடம்புக்கு முதலில் சொல்வது வெளிச்சம்தான். சீலை போதவில்லை என்றால் ஒரு மெல்லிய துணியைக் கண்மேல் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள்.

[10 வினாடி]

மல்லாந்து படுங்கள். முதுகு வலித்தால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம்.

[8 வினாடி]

உடனே தூக்கம் வராமல் போனால் கவலைப்படாதீர்கள். விடிகாலை மூன்று மணிக்குக் குடித்த கோப்பியின் வீரியத்தில் ஏறத்தாழ பாதி இன்னும் உடம்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அது போகிறபோது போகட்டும். நீங்கள் சும்மா படுத்திருந்தால் போதும்.

[8 வினாடி]

வெளியே சத்தம் இருக்கும். ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டு போவார். பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும். மேல் வீட்டில் நாற்காலி இழுப்பார்கள். அதெல்லாம் ஊர் விழித்திருக்கிற சத்தம். ஊர் விழித்திருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்தாயிற்று.

[12 வினாடி]

இப்போது மூச்சு.

[3 வினாடி]

முதலில் அதை மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும். மூக்கின் நுனியில் உள்ளே போகும் காற்று கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது. வெளியே வரும்போது வெதுவெதுப்பாக வருகிறது.

[15 வினாடி]

இனி, நான் எண்ணுவேன். உள்ளே நான்கு, வெளியே ஆறு. வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு தானாகத் தணியும். தலை சுற்றுவதுபோல் இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு உங்கள் போக்கில் மூச்சு விடுங்கள்.

[4 வினாடி. எண்கள் ஒவ்வொன்றும் ஒரு வினாடி, குரல் இறங்கியபடி]

உள்ளே… இரண்டு… மூன்று… நான்கு…

வெளியே… இரண்டு… மூன்று… நான்கு… ஐந்து… ஆறு…

உள்ளே… இரண்டு… மூன்று… நான்கு…

வெளியே… இரண்டு… மூன்று… நான்கு… ஐந்து… ஆறு…

[இன்னும் இரண்டு முறை இதேபோல் எண்ணுங்கள்]

அதே வேகத்தில் நீங்களே தொடருங்கள். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

[40 வினாடி, தம்பூரா மட்டும்]

எண்ணிக்கை தவறியிருந்தால் தவறட்டும். அதற்கு இங்கே சூப்பர்வைசர் யாரும் இல்லை.

[6 வினாடி]

கைகளுக்கு வருவோம். பன்னிரண்டு மணி நேரம் கையுறைக்குள் இருந்த கைகள். வலது கையை முஷ்டியாக மடக்குங்கள். வலிக்கிற அளவுக்கு வேண்டாம், முக்கால் பலம் போதும். அப்படியே பிடியுங்கள்.

[5 வினாடி]

விடுங்கள்.

[15 வினாடி]

விரல்கள் தானாகக் கொஞ்சம் மடங்கியே இருக்கும். நிமிர்த்த வேண்டாம். உள்ளங்கையில் ரத்தம் திரும்பும்போது லேசான சூடு பரவும், சில பேருக்குக் குறுகுறுப்பு. அதைக் கவனியுங்கள்.

[12 வினாடி]

இடது கை. மடக்குங்கள்.

[5 வினாடி]

விடுங்கள்.

[15 வினாடி]

முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் விட்டால், தளர்வது எப்படி என்று தசைக்கே தெரிந்துவிடும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை இது. நம் பாட்டிமார் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து சோம்பல் முறிப்பதும் ஏறத்தாழ இதுதான்.

[8 வினாடி]

தோள்கள். இரண்டையும் காது வரைக்கும் தூக்குங்கள்.

[5 வினாடி]

போடுங்கள். அப்படியே விழட்டும்.

[15 வினாடி]

இன்னும் ஒரு விரற்கடை அளவு இறங்கும். பாருங்கள். இறங்கியதா? அது ராத்திரி நீங்கள் அறியாமலே தூக்கி வைத்திருந்த அளவு.

[10 வினாடி]

முகம். ராத்திரி முழுக்க மைக்ராஸ்கோப் பார்த்த கண்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுப்போம். இமைகளை இறுக்கி மூடுங்கள். நெற்றி சுருங்கட்டும்.

[4 வினாடி]

விடுங்கள். இமை மூடியே இருக்கட்டும், பாரம் மட்டும் போகட்டும்.

[12 வினாடி]

கண்விழிகள் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருக்கலாம். சின்னச் சின்னப் புள்ளிகள், சாலிடர், கோடுகள். லைன் இன்னும் கண்ணுக்குள் ஓடுகிறது. ஓடட்டும். துரத்த வேண்டாம். விழிகள் கண்குழிக்குள் எண்ணெய் விளக்கின் திரிபோல் மெல்லத் தணிகின்றன.

[20 வினாடி]

முகக்கவசத்தின் கயிறு அழுத்திய இடம், காதுக்குப் பின்னால். அங்கே ஒரு மூச்சை அனுப்புங்கள்.

[10 வினாடி]

மேல்பல்லும் கீழ்பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டாம். நாக்கு வாயின் அடியில் படுத்துக்கொள்ளட்டும்.

[12 வினாடி]

வயிறு. இதை இறுக்க வேண்டாம். மூச்சு உள்ளே போகும்போது எழட்டும், வெளியே வரும்போது விழட்டும்.

[15 வினாடி]

கால்கள். பாதங்களை முகத்தை நோக்கி வளையுங்கள். கெண்டைக்கால் இழுபடும்.

[4 வினாடி]

விடுங்கள். பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடப் போவதில்லை. நின்று நின்று களைத்த கால்கள், ஒன்றாகவே ஓய்வெடுக்கட்டும்.

[25 வினாடி. இங்கிருந்து வாசிப்பு இன்னும் மெதுவாக]

உடம்பு கம்பெனி பஸ்ஸில் பாலத்தின் மேல் வந்துவிட்டது. பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலம், விர்ரென்று வந்துவிட்டது. மனசு அவ்வளவு வேகத்துக்கு வராது. அது இன்னும் தீவிலேயே, லைன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

[6 வினாடி]

அதைப் போய்க் கூட்டி வருவோம். ஃபெர்ரியில்.

[6 வினாடி]

இப்போது ஓடுகிற புது ஃபெர்ரி வேண்டாம், அது சீக்கிரம் போய்விடும். பழைய மஞ்சள் ஃபெர்ரி. அது அசைந்து அசைந்துதான் போகும்.

[8 வினாடி]

இரவு. ஜார்ஜ்டவுன் துறையில் நிற்கிறீர்கள். கூட்டம் இல்லை. வரிசை இல்லை. நடந்து ஏறிப் பின்பக்கமாக ஓர் ஓர இருக்கையில் உட்காருகிறீர்கள். பக்கத்து இருக்கையில் உங்கள் மனசு வந்து உட்காருகிறது. எதுவும் கேட்காதீர்கள். களைத்திருக்கிறது.

[15 வினாடி]

காலுக்குக் கீழே எஞ்சினின் அதிர்வு. ஒரே சீரான உம்ம் என்ற ஒலி.

[10 வினாடி]

ஃபெர்ரி கரையை விட்டு நகர்கிறது. நகர்வது தெரியவே இல்லை. கரைக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர்… ஒரு முழம்… இப்போது ஒரு தெரு அகலம்.

[15 வினாடி]

கொம்தார் கட்டடம் உயரமாகத் தெரிகிறது. அதன் பின்னால் கறுப்பாகப் பினாங்கு மலை. மலை உச்சியில் சில விளக்குகள்.

[12 வினாடி]

உள்ளே மூச்சு… ஃபெர்ரி லேசாக எழுகிறது.

வெளியே மூச்சு… லேசாக இறங்குகிறது.

[12 வினாடி]

உள்ளே… எழுகிறது.

வெளியே… இறங்குகிறது.

[20 வினாடி]

கொம்தார் இப்போது ஒரு மெழுகுவத்தி அளவு.

[15 வினாடி]

நேற்று யாரோ சொன்ன சொல், முடிக்காமல் வந்த வேலை, நாளைக்குக் கட்ட வேண்டிய பில், ஏதாவது நினைவுக்கு வந்தால் அதற்கும் ஓர் இருக்கை இருக்கிறது. உட்காரச் சொல்லுங்கள். எல்லாருக்கும் இடம் உண்டு.

[20 வினாடி]

தீவின் விளக்குகள் சிறுத்துச் சிறுத்து ஒரே கோடாகிவிட்டன.

[15 வினாடி]

காற்றில் உப்பு மணம். கன்னத்தில் குளிர்ச்சி.

[20 வினாடி]

பட்டர்வொர்த் கரை எங்கோ முன்னால் இருக்கிறது. திரும்பிப் பார்க்க வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் போய்ச் சேரலாம்.

[20 வினாடி. குரல் இன்னும் தாழ்வாக]

எஞ்சின் மெதுவாகிறது.

[15 வினாடி]

இன்னும் மெதுவாக.

[20 வினாடி]

நீரிணையின் நடுவில் ஃபெர்ரி சும்மா மிதக்கிறது.

[20 வினாடி]

எழுகிறது…

[5 வினாடி]

இறங்குகிறது…

[30 வினாடி]

இனி நான் பேசவில்லை.

[5 வினாடி]

தூங்குங்கள்.

[தம்பூரா 3 நிமிடம் தொடர்ந்து, கடைசி ஒரு நிமிடத்தில் சிறுகச் சிறுக அடங்கட்டும். முடிவில் மணியோசை, நன்றி, அடுத்த பதிவு பற்றிய அறிவிப்பு எதையும் சேர்க்காதீர்கள். கேட்பவர் அதற்குள் தூங்கியிருப்பார்.]