பௌர்ணமி உருண்டை

அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று. வேப்பங்கொழுந்து, ஓமம், ஒரு துண்டு மஞ்சள். அம்மியில் அரைத்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி ஆச்சி நீட்டினால் வாயைத் திறந்தே ஆகவேண்டும். தம்பி இசக்கிக்கு ராத்திரியெல்லாம் அரிப்பு, தூக்கமில்லை.

“கீரிப்பூச்சிதான்” என்றாள் ஆச்சி.

மாரி ஒன்பதாம் வகுப்பு. சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாயை ஒட்டிய பள்ளிக்கூடம். லேபில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பில் பல்பு கிடையாது; கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்கவேண்டும். பெண்புழு ராத்திரியில் வெளியே வந்து முட்டையிடும், விடியற்காலையில் கால் கழுவுமுன் டேப்பை ஒட்டி எடுத்தால் பார்க்கலாம் என்று அறிவியல் சார் சொல்லியிருந்தார். இசக்கியைப் பிடித்து அமுக்கி அந்த டேப்பை ஒட்டியது தனிக்கதை.

லென்சுக்குக் கீழே வரிசையாக முட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு.

அமாவாசை உருண்டை தின்று நாலு நாள் கழித்தும் அதே முட்டைகள்.

“ஆச்சி மருந்து கேக்கலை சார்.”

“கேக்கலையா, மறுபடி உள்ள போகுதான்னு எப்படித் தெரியும்? வீட்டுல எல்லாத்தையும் பாரு. மருந்தையும்தான்.”

மிச்சமிருந்த உருண்டையை வாழையிலைத் துண்டில் மடித்துக் கொண்டுவந்தாள். துளி தண்ணீரில் கரைத்து வைத்தாள். பச்சைப் பச்சையாய் இலைத் துணுக்குகள், மஞ்சளின் மாவுமணிகள். ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினாள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு.

இசக்கிக்குக் கால் கழுவிவிடுவது ஆச்சி. உருட்டுவதும் ஆச்சி.

சார் ரொம்ப நேரம் பார்த்தார். “வீட்டுல எல்லாரும் ஒரே நாளில் மாத்திரை போடணும். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்க. மாத்திரை புழுவைத்தான் கொல்லும், முட்டையை ஒண்ணும் பண்ணாது. அதனால ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை.”

“அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவுல அவ்வளவுதான சார்?”

சார் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

இதை ஆச்சியிடம் எப்படிச் சொல்வது? வழியெல்லாம் யோசித்தாள். கடைசியில், அம்மிக்கு எதிரே உட்கார்ந்து உள்ளபடியே சொல்லிவிட்டாள்.

“என் கையிலயா?” ஆச்சி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கண்ணுக்குத் தெரியலியேட்டி.”

“தெரியாது ஆச்சி. நகத்துக்குள்ள இருக்கும். சோப்பு போட்டுத் தேச்சுக் கழுவணும்.”

“உங்க சார் மருந்தை வேண்டாம்னாரா?”

“மாத்திரை போடச் சொன்னாரு. உருண்டையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.”

மறுநாளே மாத்திரை வந்தது. ஆச்சியும் மென்று விழுங்கினாள், வேம்பின் கசப்பு இதில் இல்லையே என்ற குறையோடு. பாய், தலையணை உறை, இசக்கியின் டவுசர் எல்லாம் வெந்நீருக்குப் போயின.

பௌர்ணமி வந்தது; இரண்டாவது மாத்திரைக்கு இன்னும் சில நாள் இருந்தது. அதற்காக ஆச்சி விடுவாளா? வேப்பங்கொழுந்தை அரைத்து வைத்துவிட்டு மாரியைக் கூப்பிட்டாள்.

“இனிமே நீதான் உருட்டணும். இங்கன வா, கையைக் காட்டு.”

காட்டினாள். பத்து நகத்திலும் மருதாணி, அதற்கடியில் அழுக்கு.

“போ, வெட்டிட்டு வா. மைக்ராஸ்கோப்பு பாக்கப் போறாளாம்.”