வாசலில் சொல்ல வேண்டியது: வீட்டுப்பட்டியல் கணக்கெடுப்பு

வணக்கம்மா. கேட்டைத் திறக்க வேணாம், இங்கேயே நின்னு பேசுறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்திருக்கேன். நம்ம ஊராட்சி ஒன்றியப் பள்ளியில அஞ்சாம் வகுப்பு டீச்சர். இந்த அட்டையில என் பேர், போட்டோ, கையெழுத்து இருக்கு. கையில வாங்கியே பாருங்க. சந்தேகம்னா தாலுகா ஆபீஸ்ல விசாரிச்சுக்கிட்டுச் சொல்லுங்க, காத்திருக்கேன்.

சுவர், கூரை, குடிதண்ணி, கழிப்பறை, அடுப்பு, வண்டி, இந்த மாதிரிதான் கேள்வி. செல்போன்லயே பதிஞ்சுக்குவேன். ஆதார் நம்பர், பேங்க் கணக்கு, ஓடிபி எதுவும் கேக்கமாட்டேன். யார் கேட்டாலும் சொல்லாதீங்க. பணமும் கிடையாது. 1948 சட்டப்படி நீங்க சொல்றதை நான் வெளியில சொல்லக் கூடாது. கோர்ட்டுல சாட்சியமாவும் எடுக்க முடியாது. இதை வச்சு வரி போடவோ ரேஷன் கார்டை நிறுத்தவோ மாட்டாங்கம்மா.

சமையல் வேலையா இருந்தா சாயங்காலம் வரட்டுமா?